பெயர் கேட்டால் சண்டை வரும் பாட்டு

டாக்சி ஓட்டுநர் ஒருவர் ஒரு மெட்டை முணுமுணுக்கிறார். பின் இருக்கையில் இருப்பவரும் அதே மெட்டைத் தொடர்கிறார். பாட்டின் பெயரை இருவருமே சொல்வதில்லை. இதைச் சிறுகதையாக எழுத நினைப்பவர்கள் முதலில் பாட்டைத் தேர்ந்துகொள்ள வேண்டும். எந்தப் பாட்டாக இருந்தாலும் சரி என்று விட்டுவிட்டால், இசை எல்லோரையும் இணைக்கிறது என்ற எளிய முடிவுக்குக் கதை தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். நான் எழுதினால் கதை நடக்கும் ஊர் இஸ்தான்புல். பாட்டு, துருக்கியர்கள் ‘கியாதிபிம்’ என்றும் ‘உஸ்குதாருக்குப் போகையிலே’ என்றும் அழைக்கும் பழைய பாட்டு.

கதையைச் சொல்கிறேன். பாஸ்பரஸ் நீரிணையின் ஆசியக் கரையில் உள்ள பகுதி உஸ்குதார். படகுத்துறை வாசலில் நிற்கும் மஞ்சள் டாக்சியில் அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி ஏறி, விமான நிலையம் போகச் சொல்கிறார். வண்டி நகர்ந்ததும் மழை பிடித்துக்கொள்கிறது. கண்ணாடியில் வைப்பர் ஓடத் தொடங்க, ஓட்டுநர் தன்னையறியாமல் முணுமுணுக்கிறார். அதற்குக் காரணம் உண்டு. உஸ்குதாருக்குப் போகும் வழியில் மழை வந்தது என்றுதான் அந்தப் பாட்டே ஆரம்பிக்கிறது. அந்தக் கரையில் வண்டி ஓட்டுகிறவருக்கு மழை பெய்தால் நினைவுக்கு வர வேறு பாட்டு வேண்டியதில்லை.

பாட்டின் மீதிச் சேதி இது. ஒரு பெண் தன் காதலனான குமாஸ்தாவைப் பற்றிப் பாடுகிறாள். அவன் போட்டிருக்கும் நீண்ட கோட்டின் கீழ் ஓரம் சேறாகிவிட்டது. வழியில் ஒரு கைக்குட்டையைக் கண்டெடுத்து, அதில் லொக்கும் என்ற மிட்டாயை நிரப்புகிறாள். அந்தக் கோட்டு, ஐரோப்பிய உடை துருக்கி அரசு ஊழியர்களிடையே பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டை நினைவூட்டுகிறது.

இந்தப் பாட்டில் ஒவ்வொரு வரியும் இரண்டு முறை வரும். ஓட்டுநர் முதல் முறை தனியாக முணுமுணுக்கிறார். இரண்டாம் முறை பின்னாலிருந்து அந்தப் பெண்மணியின் குரலும் சேர்கிறது. அவரது சுருதி வேறு, வேகமும் கொஞ்சம் குறைவு. வரி முடியும் இடங்களில் ஓட்டுநர் வழுக்கி வளைத்து இறங்குகிறார். பெண்மணியோ நேராக இறங்குகிறார். ஆனாலும் அது அதே மெட்டுதான் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. காது சுரங்களைத் தனித்தனியாக நினைவில் வைப்பதில்லை. ஏற்ற இறக்கத்தையும், எது எத்தனை தாளம் நிற்கிறது என்பதையும்தான் வைத்துக்கொள்கிறது. சுருதி மாறினாலும் அந்த வடிவம் மாறாது.

மெட்டு நிஹாவெந்த் என்ற மகாமில் அமைந்தது. மகாம் என்பது ஏறக்குறைய நம் ராகம் போன்றது. நிஹாவெந்த்தின் சுர வரிசை நம் நடபைரவிக்கும், நிஷாதம் உயரும்போது கீரவாணிக்கும் பக்கத்தில் இருப்பதால், முதல்முறை கேட்கும் தமிழ்க் காதுக்கும் அந்நியமாகத் தோன்றாது. துருக்கிய இசையில் பியானோவில் அகப்படாத நுண்சுரங்கள் நிறைய உண்டு. நிஹாவெந்த் மட்டும் மேற்கத்திய மைனர் வரிசைக்கு மிக நெருக்கமானது. கிளாரினெட், அக்கார்டியன், கிதார் எதில் வாசித்தாலும் பெரிதாகச் சிதையாது. இந்த மெட்டு இத்தனை தூரம் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1924இல் நியூயார்க்கில் நஃப்தூலே பிராண்ட்வைன் என்ற யூதக் கிளாரினெட் கலைஞர் இதை வார்த்தைகளே இல்லாமல் வாசித்து இசைத்தட்டாக்கினார். 1953இல் எர்தா கிட் அமெரிக்காவில் துருக்கிய வரிகளோடே பாடிப் புகழ்பெறச் செய்தார்.

கதைக்குத் திரும்புவோம். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக் கேட்கிறார்: “அப்லா, இஸ்தான்புல்தானா?” துருக்கியில் அக்காவை அப்லா என்பார்கள், டாக்சியில் ஏறும் பெண்மணியையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். “இல்லை தம்பி, தெஸ்ஸலோனிகி” என்கிறார், பாட்டியிடம் கற்ற அரைகுறைத் துருக்கியில். “ஓ, ஸெலானிக்! அதாத்துர்க் பிறந்த ஊர்” என்கிறார் ஓட்டுநர். மறுபடியும் முணுமுணுப்பு தொடர்கிறது.

அந்தப் பெண்மணிக்குத் தெரிந்த கிரேக்கப் பாட்டில் குமாஸ்தாவும் இல்லை, மழையும் இல்லை. தூர தேசத்திலிருந்து வந்த ஒரு சிறுமியைப் பற்றியது அது. 1923இல் கிரீஸும் துருக்கியும் ஒப்பந்தம் செய்துகொண்டு மக்களை மதவாரியாக மாற்றிக்கொண்டன. பன்னிரண்டு லட்சம் அளவுக்குக் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கும், நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான முஸ்லிம்கள் துருக்கிக்கும் போனார்கள். அவரது பாட்டி அப்படி ஸ்மிர்னாவிலிருந்து வந்தவர். எழுதுகிறவருக்கு இங்கே ஓர் ஆசை எழும்: ஓட்டுநரின் தாத்தாவை ஸெலானிக்கிலிருந்து வந்தவராக்கிவிடலாமே என்று. செய்யக் கூடாது. பூர்வீகக் கணக்கு இருபுறமும் சரியாகப் பொருந்திவிட்டால் மெட்டுக்குக் கதையில் வேலை இல்லாமல் போய்விடும்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் பல்கேரிய இயக்குநர் அதெலா பேயெவா. ‘யாருடையது இந்தப் பாட்டு?’ என்ற அவரது ஆவணப்படம் 2003இல் வந்தது. இஸ்தான்புல் உணவகம் ஒன்றில் பல நாட்டு நண்பர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இந்த மெட்டு ஒலிக்கிறது. ஒவ்வொருவரும் இது எங்கள் பாட்டு என்கிறார்கள். அதைத் தேடித் துருக்கி, கிரீஸ், அல்பேனியா, போஸ்னியா, மாசிடோனியா, செர்பியா, பல்கேரியா என்று பயணம் செய்கிறார். எல்லா ஊரிலும் மெட்டு இருக்கிறது. எல்லா ஊரிலும் அது உள்ளூர்க்காரர்களுடையதாகவே இருக்கிறது.

மெட்டை மட்டும் கேட்கும்போது முகங்கள் மலர்கின்றன. செர்பியாவின் விரான்யே ஊரில் விருந்தில் இருந்தவர்களுக்கு, அதே மெட்டில் போஸ்னிய முஸ்லிம்கள் பாடும் மதப்பாட்டை அவர் போட்டுக் காட்டியதும் கொதித்து எழுகிறார்கள். பல்கேரியாவின் ஸ்த்ராஞ்சா மலைப்பகுதியில் இதே மெட்டு, 1903இல் துருக்கிய ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியின் பாட்டு. அங்கே திருவிழாக் கூட்டத்தில், இதைத் துருக்கியப் பாட்டு என்றும் சொல்கிறார்களே என்று அவர் கேட்டதும் மிரட்டல் வருகிறது. எனக்குத் தெரிந்து ஒரு பாட்டைப் பற்றி இதைவிட நேர்மையான படம் இல்லை. பாட்டு மக்களைச் சேர்க்கிறது என்று சொல்லத்தான் புறப்பட்டார், கிடைத்ததையே காட்டினார்.

ஆகவே அந்த டாக்சியில் இருப்பவர்கள் பாட்டின் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் இருப்பது தற்செயல் அல்ல; கதையே அதில்தான் நிற்கிறது. பெண்மணிக்குக் கேட்க ஆசை இருக்க வேண்டும். பாதிவழியில், பாலத்துக்குப் போகும் வாகன நெரிசலில் வண்டி நிற்கும்போது, “இது எங்கள் பாட்டு, தெரியுமா?” என்பது அவர் வாய்வரை வர வேண்டும். ஓட்டுநரும் அதையே சொல்ல வாயெடுக்க வேண்டும். என் கதையில் ஓட்டுநர் முந்திக்கொள்கிறார். “எங்க ஊர்ப் பாட்டு அப்லாவுக்கு எப்படித் தெரியும்?” பெண்மணி முணுமுணுப்பதை நிறுத்துகிறார். பதில் சொல்லவும் இல்லை. மீட்டர் மட்டும் ஏறுகிறது. விமான நிலையத்தில் மீதிச் சில்லறையை ஓட்டுநர் நீட்ட, அவர் எண்ணி வாங்கிக்கொள்கிறார். அரைமணி நேரம் முன்பு நீட்டியிருந்தால், வைத்துக்கொள் என்று சொல்லியிருப்பார்.

இதே வண்டியில் டாக்காவிலிருந்து வந்த ஒருவரை ஏற்றினால் கதை முற்றிலும் வேறாகும். காஜி நஸ்ருல் இஸ்லாம் இந்த மெட்டில் நபிகள் நாயகத்தைப் போற்றி ஒரு வங்கப் பாட்டு எழுதினார்; வங்கதேசத்தில் அது பக்தியோடு பாடப்படுகிறது. ஓட்டுநருக்குச் சேறு படிந்த கோட்டும் மிட்டாயும் நினைவுக்கு வரும் அதே இடத்தில், பயணியின் கண்கள் பணிவோடு மூடியிருக்கும். அந்த ஓட்டுநர் வாய்விட்டுப் பாடுவாரா, வெறுமனே முணுமுணுப்பாரா என்பதை எழுதித்தான் பார்க்க வேண்டும்.