அட்டையில் மூன்று வரி

மாலைத் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தபோது அக்கா மகள் லியோனிலிருந்து அழைத்தாள். அங்கே அவளுக்கு மதிய இடைவேளை. "சித்தி, ஓர் அவசரம். எங்கள் கணக்குப் பிரிவில் ஓர் அம்மா ஓய்வு பெறுகிறார். வாழ்த்து அட்டை மேசை மேசையாகச் சுற்றி இப்போது என்னிடம் வந்திருக்கிறது. எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் என்ன எழுத?"

புதுச்சேரியில் பல ஆண்டுகள் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவள் நான். இந்தக் கேள்வியைப் பல மாணவர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆளுக்கு மூன்று வரிக்குத்தான் அட்டையில் இடம் இருக்கும். அந்த மூன்று வரியில் எங்கே சறுக்கும் என்று தெரிந்துவிட்டால் மீதி எளிது. அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

"நீ அவரை 'த்யூ' என்பாயா, 'வூ' என்பாயா?" என்றுதான் முதலில் கேட்டேன். நம் நீ, நீங்கள் போன்றவைதான் இவை. ஆனால் கணக்கு வேறு. நம் வீட்டில் பெரியவர் நம்மை நீ என்பார், நாம் அவரை நீங்கள் என்போம். அது ஆயுளுக்கும் மாறாது. பிரெஞ்சு அலுவலகத்தில் பெரும்பாலும் இருவரும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துவார்கள். அவர் உன்னைத் 'த்யூ' என்றால் நீயும் 'த்யூ'. அவர் உன்னை 'வூ' என்றால் நீயும் 'வூ'. ஒருவர் த்யூவும் மற்றவர் வூவுமாகப் பேசினால், நமக்கு இயல்பாகத் தோன்றுவது அங்கே மேல், கீழ் என்ற கோடு கிழித்தது போலாகிவிடும். வூவிலிருந்து த்யூவுக்கு இறங்கலாம் என்று அழைப்பது பொதுவாக வயதிலோ பதவியிலோ பெரியவரின் உரிமை. அவர் அழைக்காதவரை நாம் தாவக் கூடாது. பாசம் பொங்குகிறது என்று அட்டையில் திடீரென்று த்யூ போடுவது, இத்தனை நாள் நீங்கள் என்று அழைத்தவரைப் பிரியும் அன்று நீ என்பது போன்றது.

"மூன்று வருடமாக வூதான் சித்தி. ஆனால் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன்" என்றாள்.

அது அங்கே சகஜம். பெயரும் வூவும் சேர்ந்து போகும். அப்படியானால் 'ஷேர்' என்று தொடங்கி அவர் பெயரை எழுதலாம். 'அன்புள்ள' என்று பொருள். பெயர் சொல்லிக் கூப்பிடாத உறவாக இருந்தால் 'ஷேர் மதாம்' என்று எழுதி நிறுத்திவிட வேண்டும். மதாமுக்குப் பின்னால் குடும்பப் பெயரைச் சேர்ப்பது பிரெஞ்சுக் கடிதத்தின் நல்ல வழக்கில் இல்லை. ஆங்கிலப் பழக்கத்தில் நம்மவர்கள் சேர்த்துவிடுவார்கள்.

அடுத்தது வாழ்த்துச் சொல். 'ஃபெலிசித்தாசியோன்' என்பது பாராட்டு. ஒருவர் முயன்று ஒன்றை எட்டியதற்குச் சொல்வது. பதவி உயர்வுக்கு அதுதான் பொருத்தம். 'தூத் மே ஃபெலிசித்தாசியோன்', என் பாராட்டுகள் அனைத்தும், என்று தொடங்கி, 'ஸே தாம்ப்ள்மான் மெரித்தே', முழுக்கத் தகுதியால் வந்தது, என்று முடித்தால் நெருக்கமும் மரியாதையும் இரண்டும் கிடைக்கும். ஆனால் உயர்வு பெற்றவர் உங்கள் மேலதிகாரி என்றால் கவனம் தேவை. 'பிராவோ' என்பதும், 'உங்களை நினைத்துப் பெருமைப்படுகிறேன்' என்பதும் மேலிருந்து முதுகில் தட்டுவது போலாகும். வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன் என்று நாம் சொல்வதில்லையா? அதே கூச்சம் அங்கேயும் உண்டு. அப்போது 'உங்களுக்காக மிகவும் மகிழ்கிறேன்' என்று தன் மகிழ்ச்சியைச் சொல்வார்கள். பெண் எழுதினால் 'ழ ஸ்வி த்ரே ஸோறோஸ் பூர் வூ', ஆண் எழுதினால் 'ஸோறோஸ்' இருக்கும் இடத்தில் 'ஸோறோ'.

ஓய்வுக்கும் பாராட்டுச் சொல்லைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு, தவறில்லை. ஆனால் போக மனமில்லாமல் போகிறவருக்கு அது உறுத்தலாம். இதமானது 'பெல் ரெத்ரெத்', அழகான ஓய்வுக்காலம், என்று வாழ்த்துவது. 'ழ வூ ஸுவேத் யூன் த்ரே பெல் ரெத்ரெத்' என்றால், மிக அழகான ஓய்வுக்காலம் அமையட்டும் என்று பொருள். ஒரு சொல்லை மட்டும் தவிர்க்கச் சொன்னேன்: 'பொன் கோந்தினுவாசியோன்'. வேறு வேலைக்குப் போகிறவரிடம், நல்லபடியாகத் தொடருங்கள் என்று சொல்லும் சொல் அது. முப்பது ஆண்டு பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னால் கதவைச் சாத்துவது போல் கேட்கும்.

"நான் ஒரு வரி எழுதிப் பார்த்தேன் சித்தி. 'நூ ஸாலோன் வூ மான்கே'. நீங்கள் இல்லாமல் தவிப்போம் என்று."

நல்லவேளை அட்டையில் எழுதவில்லை. அது தலைகீழ். 'நாங்கள் இல்லாமல் நீங்கள் தவிப்பீர்கள்' என்று பொருளாகிவிட்டது. இந்த வினைச்சொல்லில் இல்லாமல் போகிறவர்தான் எழுவாய், ஏங்குகிறவருக்கு வேற்றுமை உருபு. ஆங்கிலத்தின் வழியாக யோசித்தால் தவறும். தமிழின் வழியாக யோசித்தால் சரியாக வரும். 'நீங்கள் இல்லாத குறை எங்களுக்கு இருக்கும்' என்போமே, நீங்கள் முதலில், எங்களுக்கு பிறகு. அதே வரிசைதான்: 'வூ ஸாலே நூ மான்கே'. பிரியும் நேரத்தில் பிரெஞ்சுக்காரர்கள் மனதாரச் சொல்லும் வாக்கியம் இது. வூ போட்டும் இதில் சூடு குறையவில்லை பாருங்கள்.

ஆனாலும் இதை அட்டையில் பத்துப் பேர் எழுதியிருப்பார்கள். உன் வரி உன்னுடையதாக வேண்டும் என்றால் அவர் உனக்குச் செய்த ஒன்றைச் சொல் என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "சேர்ந்த முதல் வருடம் ஆண்டுக் கணக்கில் ஒரு தொகை இடித்தது. எல்லாரும் போன பிறகும் இரவு எட்டு மணி வரை என்னோடு உட்கார்ந்து தேடிக் கொடுத்தார்."

அதுதான் வரி. மகத்தான, ஈடிணையற்ற என்ற அடைமொழிகளைப் பிரெஞ்சில் அடுக்கினால் மேடைப் பேச்சின் வாடை வரும். எட்டு மணி வரை உட்கார்ந்தீர்கள் என்பது அவருக்கும் உனக்கும் மட்டுமே தெரிந்த உண்மை. அதனால் அது நெஞ்சில் நிற்கும்.

கடைசியில் கையெழுத்துக்கு மேல் ஒரு சொல். 'கோர்தியால்மான்' அலுவலக மின்னஞ்சலின் முடிவு. அட்டைக்குக் கொஞ்சம் குளிர்ச்சி. 'ழ தாம்ப்ராஸ்' அணைத்துக்கொள்கிறேன் என்பது, த்யூ நண்பர்களுக்கு. இரண்டுக்கும் நடுவே 'அமிகால்மான்', நட்புடன். வூ சொல்லும் அன்பான சக ஊழியருக்கு அது அளவாகப் பொருந்தும்.

அவள் எழுதியது தமிழில் இப்படி இருக்கும்: "அன்புள்ள இன்னார், என் முதல் ஆண்டுக் கணக்குக்காக இரவு எட்டு மணி வரை என்னோடு அமர்ந்தீர்கள், மறக்க மாட்டேன். நீங்கள் இல்லாத குறை எங்களுக்கு இருக்கும். மிக அழகான ஓய்வுக்காலம் அமையட்டும். நட்புடன்."

வூ என்பது தூரம் அல்ல, மரியாதை. அதை மாற்றாமல் வைத்துக்கொண்டு, நெருக்கத்தை நீங்கள் எழுதும் நினைவில் காட்டுங்கள். பிரெஞ்சு அட்டை உங்கள் மேசைக்கு வரும்போது பேனாவை எடுப்பதற்கு முன் அவர் உங்களுக்காகச் செய்த ஒன்றை நினைத்துப் பாருங்கள், அந்த வரியை முதலில் எழுதுங்கள்.