வில், நாண், அம்பு: ஓர் எல்லை மதிப்பின் விளக்கம்

வட்டத்தின் ஒரு பகுதியை வில் என்றும், அதன் இரு முனைகளை இணைக்கும் நேர்கோட்டை நாண் என்றும் கணிதநூல்கள் வழங்குகின்றன. நாணின் நடுவிலிருந்து வில்லின் நடுவரை செல்லும் சிறு கோட்டைப் பண்டைய வடநூலார் 'சரம்' என்றனர். அரபு வானியலார் 'ஸஹ்ம்' என்றனர். இரண்டுக்கும் அம்பு என்பதே பொருள். ஆரம் 1 ஆகவும், பாதி வில் x ஆகவும் இருப்பின், பாதி நாண் sin x. அம்பின் நீளம் 1 − cos x. பாதி நாணைக் குறித்த 'ஜீவா' என்னும் வடசொல்லே அரபியில் 'ஜைப்' எனப் படிக்கப்பட்டு, இலத்தீனில் 'சைனஸ்' என மொழிபெயர்க்கப்பட்டது. நாம் சட்டையில் வைத்திருக்கும் 'ஜேப்பு'ம் அந்த அரபுச் சொல்லின் வழிவந்ததே.

வில் சுருங்கச் சுருங்க அம்பும் சுருங்கும். எந்த அளவில் சுருங்கும் என்பதே நம் வினா. வில்லின் வர்க்கத்தோடு ஒப்பிட்டு நோக்குவோம்:

(1 − cos x) / x²

x = 0 எனப் பிரதியிட்டால் 0/0 என நிற்கும்; அதிலிருந்து எம்மதிப்பும் பெறுதற்கில்லை.

சூரிய சித்தாந்தம் என்னும் வானியல் நூல் அம்பின் நீளங்களை அட்டவணையாகத் தருகிறது. அதில் ஆரம் 3438 கலை. வில் 225 கலைகளாக வளர்கிறது. முதல் நான்கு அம்புகள் 7, 29, 66, 117 ஆகும். அம்பை ஆரத்தால் பெருக்கி, வில்லின் வர்க்கத்தால் வகுத்தால் நாம் வேண்டும் விகிதம் கிட்டும். முதலாவதற்கு 7 × 3438 / 225² = 0.475. ஏனையவை முறையே 0.492, 0.498, 0.497 என வருகின்றன. விடை அரையாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம். ஆனால் வில் மிகச் சிறிதான இடத்திலேயே விகிதம் அரையை விட்டு மிக விலகி நிற்கிறதே! அட்டவணை ஐயத்தை எழுப்புகிறதேயன்றித் தீர்க்கவில்லை. தீர்ப்பது நிறுவலே.

முதற்படி முற்றொருமை. 1 − cos x = 2 sin²(x/2) என்பது நாம் அறிந்ததே. இதனால் கழித்தல் மறைந்து பெருக்கல் தோன்றுகிறது:

(1 − cos x) / x² = ½ × [ sin(x/2) / (x/2) ]²

இனி sin t / t என்பது t சுருங்கும்போது எதை அணுகும் என அறிந்தால் போதும்.

இரண்டாம் படி இருபுறமும் நெருக்குதல். ஆரம் 1 உள்ள வட்டத்தில் t என்னும் குறுங்கோணத்தை வரைக. இரு ஆரங்களும் நாணும் அமைக்கும் முக்கோணத்தின் பரப்பு ½ sin t. அதனை உள்ளடக்கிய வட்டக்கோணப் பகுதியின் பரப்பு ½ t. அதனையும் உள்ளடக்கிய, தொடுகோட்டால் அமைந்த செங்கோண முக்கோணத்தின் பரப்பு ½ tan t. எனவே sin t < t < tan t. இதிலிருந்து,

cos t < sin t / t < 1

t சுழியை அணுகும்போது இடப்பக்கமுள்ள cos t ஒன்றை அணுகுகிறது. வலப்பக்கம் ஒன்றாகவே நிற்கிறது. இடையில் அகப்பட்டதற்கு வேறு போக்கிடமில்லை. அதுவும் ஒன்றையே அணுகும். t குறை எண்ணாயினும் sin t / t மாறாது. ஆகவே இருபுறத்திற்கும் முடிவு ஒன்றே. நாம் தேடிய எல்லை ½.

x = 0.2 என வைத்துச் சரிபார்க்கலாம். விகிதம் 0.49834. நெருக்கும் எல்லைகளோ ½ cos²(0.1) = 0.49502 என்பதும் 0.5 என்பதும் ஆம். விகிதம் இவற்றின் இடையிலேயே அமைகிறது.

அட்டவணை ஏன் பிறழ்ந்தது? 225 கலைக்குரிய அம்பின் உண்மை நீளம் ஏறத்தாழ 7.36. முழு எண்ணாக்கியபோது அந்தப் பின்னம் உதிர்ந்தது. பெரிய அம்புக்கு இது சிறு இழப்பு; ஏழுக்கோ பேரிழப்பு. இக்காலக் கணிப்பானுக்கும் இந்நோய் உண்டு. பத்து இலக்கக் கணிப்பானில் x = 0.000001 என இட்டால் cos x சரியாக 1 எனத் தோன்றும், கழித்தால் சுழி, விடையும் சுழி. x குறையக் குறைய அரையை நெருங்கிவந்த விடை திடீரெனத் தடுமாறிச் சுழியாவதே இந்நோயின் அறிகுறி. 2 sin²(x/2) என்னும் வடிவில் கணக்கிட்டால் கழித்தல் இல்லாமையால் அரையே கிட்டும்.

இன்னும் ஒன்று கருதத்தக்கது. பரப்பு ½ t என்றது கோணத்தை ரேடியனில் அளந்ததனாலேயே. பாகையில் அளந்தால் எல்லை ½ × (π/180)², அதாவது சுமார் 0.000152 ஆகும். தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே வகையிட்டு இவ்வெல்லையை எளிதில் பெறலாமே எனச் சிலர் வினவுவர். விடை சரியாகவே வரும். ஆயினும் சைனை வகையிடும் விதியே sin t / t இன் எல்லையை அடிப்படையாகக் கொண்டது. அந்த அடித்தளத்தை இட்டுத் தருவது மேற்கண்ட மூன்று பரப்புகளின் ஒப்பீடேயாகும்.