யீல்டு ஏறினால் பத்திர விலை ஏன் இறங்குகிறது?

மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்கள் நடத்தும் முதலீட்டாளர் கூட்டங்களில் கடன் ஃபண்டு பற்றிய பேச்சு வந்தால், ஒரு ஸ்லைடு தவறாமல் திரையில் வரும். மேலே ‘பத்து ஆண்டு அரசுப் பத்திரம்’ என்ற தலைப்பு, நடுவில் ஏறி இறங்கும் ஒரு கோடு, ஓரத்தில் எதிரெதிர் திசையில் இரண்டு அம்புகள். “வட்டி ஏறினால் பத்திர விலை இறங்கும், வட்டி இறங்கினால் விலை ஏறும்” என்று சொல்லிவிட்டுப் பேசுபவர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார். கேட்பவருக்குக் குழப்பம் மிஞ்சும். வட்டி கூடினால் வட்டி வாங்குகிறவருக்கு லாபம்தானே, பிறகு ஏன் நஷ்டம்?

புதிதாகப் பணம் போடுகிறவருக்கு லாபம்தான். விலை இறங்குவது ஏற்கெனவே வெளியான பத்திரத்துக்கு. அதைப் புரிந்துகொள்ள, பத்திரம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

2022 ஜனவரியில் இந்திய அரசு ஒரு பத்திரத்தை வெளியிட்டது. வர்த்தகத் திரைகளில் அதன் பெயர் 6.54% GS 2032. பெயரிலேயே விவரம் இருக்கிறது. 100 ரூபாய் முகமதிப்புக்கு ஆண்டுக்கு 6 ரூபாய் 54 காசு வட்டி. அது பாதி பாதியாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும். 2032 ஜனவரியில் 100 ரூபாய் திரும்பக் கிடைக்கும். இந்த 6.54 சதவீதத்துக்குக் கூப்பன் என்று பெயர். வெளியிட்ட நாளிலேயே நிர்ணயமான இந்தத் தொகை கடைசிவரை மாறாது. ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றினாலும் சரி, இறக்கினாலும் சரி, இந்தப் பத்திரம் தருவது அதே 6.54 தான்.

வரப்போகும் பணம் மாறாது என்றால், சந்தை நிலவரத்துக்கு ஏற்ப மாறக்கூடியது ஒன்றுதான் மிஞ்சுகிறது: இன்று அந்தப் பத்திரத்தைக் கைமாற்றும் விலை. அந்த விலையைக் கொடுத்து வாங்கி, முதிர்வுவரை வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கட்டும் என்று கணக்கிட்டால் வருவதே யீல்டு. விலையும் யீல்டும் தனித்தனிச் செய்திகள் அல்ல. ஒரே பேரத்தை ஒரு முறை ரூபாயிலும் இன்னொரு முறை சதவீதத்திலும் சொல்கிறோம், அவ்வளவுதான். குறைந்த விலைக்கு வாங்கினால் அதே வரவுக்கு யீல்டு கூடும். அதிக விலை கொடுத்தால் யீல்டு குறையும்.

இதைச் சிறு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். எளிமைக்காக வட்டி ஆண்டுக்கு ஒருமுறை வருவதாக வைத்துக்கொள்வோம். உங்களிடம் 7 சதவீதக் கூப்பனில் பத்து ஆண்டுப் பத்திரம் இருக்கிறது. விலை 100 ரூபாய். நீங்கள் வாங்கியதும், புதிய பத்து ஆண்டுப் பத்திரங்கள் 8 சதவீதத்துக்கு வர ஆரம்பித்துவிட்டன. இப்போது உங்கள் பத்திரத்தை 100 ரூபாய்க்கு யார் வாங்குவார்? அதே 100 ரூபாய்க்குப் புதிய பத்திரம் ஆண்டுக்கு 8 ரூபாய் தரும்போது, உங்களுடையது 7 ரூபாய்தான் தருகிறது. வாங்குபவருக்கு ஆண்டுக்கு ஒரு ரூபாய் குறைச்சல், அதுவும் பத்து ஆண்டுகளுக்கு.

அந்தக் குறைச்சலை அவர் விலையில் கழித்துக்கொள்வார். ஆனால் மொத்தம் பத்து ரூபாயைக் கழிக்க மாட்டார். பின்னால் வரவேண்டிய ரூபாய்க்கு இன்று முழு மதிப்பு கிடையாது. 8 சதவீத வட்டிக் கணக்கில், அடுத்த ஆண்டு வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு சுமார் 93 காசு. பத்தாம் ஆண்டு வரும் ஒரு ரூபாயின் மதிப்பு 46 காசுதான். பத்து ஆண்டுக்கும் கூட்டினால் 6 ரூபாய் 71 காசு வரும். உங்கள் பத்திரத்தின் விலை அவ்வளவு இறங்கி 93 ரூபாய் 29 காசில் நிற்கும். அந்த விலைக்கு வாங்குபவருக்கும், புதிய பத்திரத்தை 100 ரூபாய்க்கு வாங்குபவருக்கும் இப்போது ஒரே யீல்டு: 8 சதவீதம்.

நீண்ட காலப் பத்திரம் ஏன் அதிகமாக விழுகிறது என்பதற்கும் இதே கணக்கில் விடை இருக்கிறது. உங்கள் பத்திரத்துக்கு இன்னும் ஓராண்டுதான் பாக்கி என்றால், வாங்குபவருக்கு ஒரே ஒரு முறைதான் ஒரு ரூபாய் குறையும். விலை 99 ரூபாய் 7 காசு வரை இறங்கினால் போதும். முப்பது ஆண்டு பாக்கி என்றால் முப்பது முறை குறையும். விலை 88 ரூபாய் 74 காசுக்குப் போய்விடும். வட்டி மாற்றம் ஒன்றே. எத்தனை ஆண்டுக்கு அந்தக் குறைச்சலைச் சுமக்க வேண்டும் என்பதில்தான் வித்தியாசம்.

இந்த வித்தியாசத்தை ஒரே எண்ணில் சொல்வதற்காகத்தான் ஸ்லைடுகளில் ‘மாடிஃபைடு டியூரேஷன்’ என்று ஒரு வரி இருக்கும். அது 7 என்றால், யீல்டு ஒரு சதவீதம் ஏறும்போது விலை சுமார் 7 சதவீதம் இறங்கும் என்று பொருள். சிறிய மாற்றங்களுக்கு இது கிட்டத்தட்டச் சரியாக வரும். பெரிய மாற்றங்களில் கொஞ்சம் விலகும்: விலை இறங்கும்போது இந்தக் கணக்கு சொல்வதைவிடச் சற்றுக் குறைவாகவே இறங்கும், ஏறும்போது சற்று அதிகமாகவே ஏறும்.

உண்மையில் நடந்ததை வைத்துச் சோதித்துப் பார்ப்போம். 2022 மே 4 அன்று பிற்பகலில், ரிசர்வ் வங்கியின் அன்றைய கவர்னர் சக்திகாந்த தாஸ், முன்னறிவிப்பு இல்லாமல் ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆக உயர்த்தினார். முந்தைய வர்த்தக நாளில் 7.12 சதவீதமாக இருந்த 6.54% GS 2032 பத்திரத்தின் யீல்டு, அன்று மாலை 7.38 சதவீதத்தில் முடிந்தது. 0.26 சதவீத ஏற்றம். சந்தைப் பேச்சில் 26 பேசிஸ் பாயிண்ட். அந்தப் பத்திரத்தின் டியூரேஷன் ஏறக்குறைய 7. இரண்டையும் பெருக்கினால் 1.8 சதவீதம். விலையும் அதே அளவுக்குத்தான், அதாவது சுமார் 96 ரூபாயிலிருந்து 94 ரூபாய் சொச்சத்துக்கு இறங்கியது. பத்திரம் வெளியாகி நான்கு மாதம்கூட ஆகவில்லை. அரசு ஒரு தவணைகூடத் தவறவில்லை.

இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. ரெப்போ ஏறுவதற்கு முன்பே யீல்டு 7.12-ல் இருந்தது. வட்டி ஏறப்போகிறது என்று சந்தை முன்கூட்டியே எதிர்பார்த்து விலையை இறக்கிவிட்டிருந்தது. அதன்பின் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 6.50 சதவீதம் வரை போனது. பத்து ஆண்டு யீல்டோ அந்த மாதத்திலும் 7.3 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. ‘வட்டி ஏறினால் விலை இறங்கும்’ என்பதில் உள்ள வட்டி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ரெப்போ அல்ல. அதே காலஅளவுள்ள பத்திரங்களுக்குச் சந்தை கேட்கும் வட்டி. இரண்டும் ஒன்றாக நகரும் நாளும் உண்டு, நகராத நாளும் உண்டு. எதிர்பார்த்த அளவே ரெப்போ ஏறினால் பத்திர விலை அசையாமலே இருந்துவிடலாம்.

இனி அந்த ஸ்லைடுக்குத் திரும்பினால், தவறாகப் படிக்க வாய்ப்புள்ள இடங்கள் எவை என்று தெரியும். முதலில் கோட்டைப் பாருங்கள். பங்குச் சந்தை வரைபடத்துக்குப் பழகிய கண்ணுக்கு, மேலே ஏறும் கோடு நல்ல செய்தியாகத் தோன்றும். இங்கே கோடு காட்டுவது யீல்டை. அது ஏறியிருந்தால் கையில் உள்ள பத்திரத்தின் விலை இறங்கியிருக்கிறது. எனவே செங்குத்து அச்சில் இருப்பது ரூபாயா, சதவீதமா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

அடுத்து, ஃபண்டின் விவரப் பட்டியலில் ‘YTM’ என்று ஓர் எண் இருக்கும். முதிர்வு வரைக்குமான யீல்டு என்பதன் சுருக்கம் அது. 7.4 என்று இருந்தால், அடுத்த ஆண்டு 7.4 சதவீதம் நிச்சயம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஃபண்டில் உள்ள பத்திரங்களை முதிர்வுவரை வைத்திருந்தால் ஆண்டுக்குச் சராசரியாகக் கிடைக்கக்கூடியது அது. செலவு விகிதத்தையும் அதில் கழிக்கவில்லை. நடுவில் சந்தை வட்டி மாறினால் ஃபண்டின் என்ஏவி அன்றன்றே மாறும். YTM எண்ணுக்குப் பக்கத்திலேயே டியூரேஷனையும் பார்க்க வேண்டும். இரண்டும் 7 அளவில் இருந்தால், ஓராண்டில் சந்தை வட்டி ஒரு சதவீதம் ஏறினாலே அந்த ஆண்டின் வட்டி வருமானம் கிட்டத்தட்ட முழுவதும் விலை இறக்கத்தில் கரைந்துவிடும்.

முதிர்வுவரை வைத்திருந்தால் நஷ்டமே இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். 94 ரூபாய்க்கு இறங்கிய பத்திரம் முதிர்வு நெருங்க நெருங்க 100-ஐ நோக்கித்தான் நகரும். ஆனால் அதுவரை காத்திருக்க முடிய வேண்டும். அமெரிக்காவின் சிலிகான் வேலி வங்கியால் முடியவில்லை. எந்த நேரமும் திரும்பக் கேட்கக்கூடிய டெபாசிட் பணத்தை, வட்டி மிகக் குறைவாக இருந்த காலத்தில், நீண்ட காலப் பத்திரங்களில் போட்டு வைத்திருந்தது அந்த வங்கி. 2022-ல் அமெரிக்க வட்டி மளமளவென்று ஏறியதும் அவற்றின் விலை சரிந்தது. 2023 மார்ச் 8 அன்று, சுமார் 2,100 கோடி டாலர் பத்திரங்களை 180 கோடி டாலர் நஷ்டத்தில் விற்றதாக வங்கி அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் வாடிக்கையாளர்கள் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள். மார்ச் 10 அன்று வங்கி மூடப்பட்டது. அதன் கையில் இருந்தவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க அரசின் பத்திரங்களும் அரசு சார்ந்த அமைப்புகள் உத்தரவாதம் தந்த பத்திரங்களும்தான். திரும்ப வராத கடன் அல்ல; விற்க வேண்டிய நேரத்தில் விலை இல்லை.

ஃபிக்ஸட் டெபாசிட் போட்டவருக்கும் வட்டி ஏறினால் இதே இழப்பு உண்டு. 6 சதவீதத்துக்கு ஐந்தாண்டு போட்டபின் வங்கி 7 தர ஆரம்பித்தால், ஆண்டுக்கு ஒரு ரூபாய் குறைச்சல்தான். அதற்குத் தினமும் விலை போடுவதில்லை என்பதால் அது நம் கண்ணில் படுவதில்லை. பத்திரத்தில் அந்தக் கணக்கு உடனே விலையாகத் தெரிகிறது.

ஆகவே, கடன் ஃபண்டு வாங்குவதற்கு முன்னும், ரிசர்வ் வங்கியின் ரீடெயில் டைரக்ட் கணக்கு வழியாக நேரடியாக அரசுப் பத்திரம் வாங்குவதற்கு முன்னும், யீல்டு எத்தனை என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். இந்தப் பணம் உங்களுக்கு எந்த ஆண்டு தேவைப்படும் என்று குறித்துக்கொண்டு, பத்திரத்தின் முதிர்வையோ ஃபண்டின் டியூரேஷனையோ அதோடு ஒப்பிடுங்கள். இரண்டு ஆண்டில் மகள் கல்லூரிக் கட்டணத்துக்கு வேண்டிய பணத்தைப் பத்து ஆண்டுப் பத்திரத்தில் போடக் கூடாது, யீல்டு எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும்.