வீட்டு விலைக்கு நேர்கோடு பொருந்துமா?

ஜெஃப்ரி வூல்ட்ரிட்ஜின் பொருளாதார அளவியல் பாடநூலில், பாஸ்டன் பகுதியில் விற்பனையான 88 வீடுகளின் கணக்கு ஒன்று வருகிறது. மனையின் பரப்பு, வீட்டின் சதுர அடி, படுக்கையறைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் வைத்து விலையைக் கணிக்க வேண்டும். நேரியல் சமன்பாடு போட்டால், மற்ற இரண்டும் மாறாதபோது சதுர அடிக்குச் சுமார் 123 டாலர் கூடும் என்று விடை வருகிறது. சின்ன வீட்டுக்கும் அதே 123, மாளிகைக்கும் அதே 123. சந்தை அப்படியா நடக்கிறது?

இதைச் சோதிக்க ஜேம்ஸ் ராம்சே 1969-இல் ஒரு வழி சொன்னார். அதன் பெயர் ரீசெட். ஒவ்வொரு வீட்டுக்கும் சமன்பாடு கணித்த விலையை எடுத்து, அதன் வர்க்கத்தையும் கனத்தையும் இரண்டு புதிய மாறிகளாகச் சமன்பாட்டிலேயே சேர்க்க வேண்டும். வடிவம் சரியென்றால் இந்த இரண்டுக்கும் அங்கே வேலை இருக்காது. கணித்த விலைக்குள் மூன்று மாறிகளும் கலந்திருப்பதால், அதை வர்க்கப்படுத்தும்போது ஒவ்வொன்றின் வர்க்கமும் ஒன்றோடொன்றின் பெருக்கலும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. அவற்றைத் தனித்தனியே சேர்த்தால் மாறிகளின் எண்ணிக்கை பெருகிவிடும். சிக்கனமான தந்திரம் இது.

ஆர் மென்பொருளில்:

```r
library(lmtest)
data(hprice1, package = "wooldridge")
m <- lm(price ~ lotsize + sqrft + bdrms, data = hprice1)
resettest(m, power = 2:3)
```

எஃப் மதிப்பு 4.67, பி-மதிப்பு 0.012. வடிவம் சரியாக இருந்தும் இவ்வளவு பெரிய எஃப் தற்செயலாக வருவது ஆயிரத்தில் பன்னிரண்டு முறைதான். ஆகவே சமன்பாடு தோற்றது.

எங்கே கோளாறு என்று ரீசெட் சொல்லாது. சேர்த்த வர்க்கத்தையும் கனத்தையும் அப்படியே வைத்துக்கொள்வது மருந்தும் ஆகாது. எஞ்சிய பிழைகளை ஒவ்வொரு மாறிக்கும் எதிரே வரைந்து பார்க்க வேண்டும். வளைவு தெரிந்தால் அந்த மாறியின் வர்க்கத்தைச் சேர்க்கலாம். ஒன்றின் விளைவு மற்றொன்றைப் பொறுத்து மாறுவதாகத் தோன்றினால் இரண்டையும் பெருக்கிச் சேர்க்கலாம். விலை, வருமானம் போன்றவற்றுக்கு நான் முதலில் பார்ப்பது மடக்கைதான். இங்கே விலை, மனை, சதுர அடி மூன்றுக்கும் மடக்கை எடுத்தால் எஃப் 2.56 ஆகவும், பி-மதிப்பு 0.084 ஆகவும் மாறுகின்றன. சதுர அடி 1 சதவீதம் கூடினால் விலை சுமார் 0.7 சதவீதம் கூடும் என்பது இப்போதைய விடை.

வேடிக்கை என்னவென்றால், தோற்ற சமன்பாட்டின் ஆர்-வர்க்கம் 0.672, தேறியதற்கு 0.643. ஒன்று விலையை விளக்குகிறது, மற்றது விலையின் மடக்கையை. இரண்டையும் ஒப்பிடவே கூடாது.

ஐந்து சதவீத அளவுகோலில் மடக்கை வடிவம் தப்பியது, பத்தில் தப்பவில்லை. தேறிவிட்டது என்பதற்காக எந்த மாறியும் விடுபடவில்லை என்றும் ஆகாது. விடுபட்ட மாறி, இருப்பவற்றோடு நேர்கோட்டு உறவு கொண்டிருந்தால் ரீசெட் அதைக் கண்டுகொள்ளாது. ஆனாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மடக்கையைத்தான் எடுப்பேன்.