வயிற்றுவலி என்று எழுதாத கடிதம்

எனக்குத் தெரிந்த ஒரு தாய், மகளின் வகுப்பாசிரியருக்கு எழுதிய கடிதத்தை இரண்டு முறை கிழித்துப் போட்டார். இரண்டிலும் நாம் எல்லோரும் பள்ளியில் மனப்பாடம் செய்த அந்த விடுப்பு விண்ணப்பம்தான் இருந்தது: ‘உடல்நிலை சரியில்லாத காரணத்தால்...’

அது முழுப் பொய்யும் இல்லை. 6-ஆம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேர்ந்த அந்தப் பெண்ணுக்குக் காலை ஏழு மணிக்கு வயிறு வலிக்கும். சில நாள் வாந்தியும் வரும். பள்ளி வேன் தெருமுனையைத் தாண்டியதும் வலி குறைந்துவிடும். சனிக்கிழமை வலியே கிடையாது. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்தார், உடம்பில் கோளாறு இல்லை என்றார். ஆனாலும் வலி நடிப்பல்ல. பயந்தால் குடல் முறுக்கும். பரீட்சை அறை வாசலில் நமக்கும் முறுக்கியதுதானே?

பள்ளிக்கு மட்டம் போடுவது வேறு, இது வேறு. மட்டம் போடுகிறவன் வீட்டுக்குத் தெரியாமல் சுற்றுவான். இந்தப் பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே, பெற்றோரின் கண்ணெதிரே இருப்பார்கள். பெரும்பாலும் படிப்பிலும் அக்கறை இருக்கும். ஆனால் வாசலைத் தாண்ட முடியாது. இதற்கு விடுப்பு மருந்தாகாது. ‘சரி, இன்று போக வேண்டாம்’ என்றதும் பயம் சட்டென்று இறங்குகிறது. வீட்டில் இருந்ததால்தான் தப்பித்தோம் என்று மனம் கற்றுக்கொள்கிறது. மறுநாள் வாசல் இன்னும் கனக்கிறது. எழுதாத நோட்டுகளும், ‘ஏன்டீ வரல?’ என்ற கேள்விகளும் அதன்மேல் சேர்ந்துகொள்கின்றன.

பயத்துக்குக் காரணம் என்ன என்பதைத் தனியே உட்கார்ந்து கேட்டறிய வேண்டும். யாராவது அடிக்கிறார்கள், தொடுகிறார்கள், மிரட்டுகிறார்கள் என்றால் முதலில் அதை நிறுத்த வேண்டும். அதற்குமுன் பிள்ளையைத் திருப்பி அனுப்பும் பேச்சே கூடாது. இந்தப் பெண்ணின் காரணம் சிறியது. ஆங்கில வகுப்பில் எழுந்து வாசித்தபோது ஒரு சொல்லில் தடுமாறினாள். பின்வரிசை சிரித்தது. அவ்வளவுதான்.

11 நாள் பள்ளி போன பிறகு, அதாவது போகாமல் போன பிறகு, மூன்றாவதாக எழுதிய கடிதம் இது:

‘வணக்கம் மிஸ். மகளுக்கு நோய் இல்லை. பள்ளி என்றாலே பயம் வந்து வயிறு வலிக்கிறது. எழுந்து வாசித்தபோது மற்றவர்கள் சிரித்ததில் தொடங்கியது. உங்கள்மேல் எந்தக் குறையும் இல்லை. புதன்கிழமை முதல் அனுப்புகிறேன். முதல் மூன்று நாள் பிரேயருக்கு வராமல், 10.30-க்கு வந்து மதியச் சாப்பாடு வரை இருக்கட்டும். அடுத்த வாரம் காலையிலிருந்து மதியம் வரை. மூன்றாம் வாரம் முழுநாள். அதுவரை அவளை எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம். விட்டுப்போன ஹோம்வொர்க்கைக் கேட்க வேண்டாம். வயிறு வலிக்கிறது என்றால் லைப்ரரியில் பத்து நிமிடம் உட்கார வையுங்கள்; பிறகு வகுப்புக்கு அனுப்புங்கள். என்னை போனில் கூப்பிட வேண்டாம்.’

இதில் எனக்குப் பிடித்தது கடைசி வரி. அழைத்ததும் அம்மா வந்து கூட்டிப் போனால், லைப்ரரியும் இன்னொரு தப்பிக்கும் வழியாகிவிடும். அதேபோல், கேட்ட சலுகைகள் எல்லாவற்றுக்கும் கெடு உண்டு. ‘கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் எழுதினால் ஆசிரியருக்கு எதைச் செய்வது, எப்போது நிறுத்துவது என்று தெரியாது. ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் ஊகிக்கவும் முடியாது.

வீட்டிலும் ஒரு விதி போட்டார்கள்: பள்ளி நேரத்தில் டிவி, போன் இல்லை. வீடு சலிப்பாக இருக்க வேண்டும், கடுமையாக அல்ல.

ஆசிரியர் டைரியில் ஒரே வரி பதில் எழுதினார்: ‘கேட்டருகே நானே நிற்கிறேன்.’ புதன்கிழமை அம்மா கையை விட்டுவிட்டு உடனே திரும்பினார். நின்று சமாதானம் சொல்லச் சொல்ல அழுகை நீளும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வெள்ளிவரை நன்றாகப் போனது. திங்களன்று மறுபடி வாந்தி. சனி, ஞாயிறு வீட்டில் இருந்த பிறகு இப்படித்தான் ஆகும். தோல்வி என்று நினைத்து முதல்படிக்கு இறங்கத் தேவையில்லை. முகம் கழுவி, அரைமணி தாமதமாக அனுப்பினார். நாளின் நேரத்தைக் கூட்டாமல் வெள்ளியன்று இருந்த அளவிலேயே இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பிறகு கூட்டினார்கள். நான்காம் வாரம், பக்கத்து இருக்கைத் தோழியோடு சேர்ந்து இரண்டு வரி வாசித்தாள். இரண்டு மூன்று வாரத்தில் துளியும் நகராவிட்டால், அல்லது ‘செத்துப்போகலாம் போல இருக்கு’ என்ற பேச்சு வந்தால், காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

ஐந்தாம் வாரம் அவளுக்கு நிஜமாகவே காய்ச்சல், 101 டிகிரி. பழைய விடுப்பு விண்ணப்பத்தையே அம்மா எழுதினார். அடியில் ஒரு வரி சேர்த்தார்: ‘திரும்பி வரும் அன்று மட்டும் கேட்டருகே நிற்க முடியுமா மிஸ்?’