தெருவுக்கு ஒலி, ஊருக்குப் பேர்: ஹரிஸ் பார்க்கில் ஒரு அரபி வரைபடம்

ஹரிஸ் பார்க்னு சொன்னாலே நம்ம ஆட்களுக்கு விக்ரம் ஸ்ட்ரீட் தோசையும் சாட் கடைகளும்தான் ஞாபகம் வரும். அதே ஹரிஸ் பார்க்கில், ஆலிஸ் ஸ்ட்ரீட்டில், லெபனான் மாரோனைட் கிறிஸ்தவர்களின் பெரிய தேவாலயம் இருக்கிறது. என் மகளின் வகுப்புத் தோழி அந்த லெபனான் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவள். அவளுடைய பாட்டி, அவங்க மொழியில் 'தெத்தா', சமீபத்தில்தான் இங்கே வந்து சேர்ந்தார். அரபி மட்டும்தான் படிப்பார். தேவாலயத்துக்கும் ஸ்டேஷனுக்கும் தனியாகவே நடந்து போவார். வழி தவறினால் போனில் மகளிடமோ, ரோட்டில் போகிறவரிடமோ தெருப் பெயரைச் சொல்லத் தெரியணும். அதனால் இரண்டு பிள்ளைகளும் அவருக்காக ஒரு போஸ்டர் செய்ய உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் லெபனான் வரைபடம், இன்னொரு பக்கம் ஹரிஸ் பார்க் தெருக்கள். எல்லாப் பெயரும் அரபியில்.

லெபனான் வரைபடம் ஒரு ஆங்கில அட்லஸிலிருந்து போனில் எடுத்த படம். அதை மொழிபெயர்க்கும் ஆப்பில் காட்டினால், தெற்கே இருக்கும் 'டயர்' என்ற ஊர் கார் சக்கரத்து டயராக மாறி நின்றது. எழுத்துக் கூட்டல் அதேதானே, ஆப் என்ன செய்யும்? 'பிப்லோஸ்' ஒலி மாறாமல் அப்படியே அரபி எழுத்தில் வந்தது. படிக்க முடியும், ஆனால் அந்த ஊர்க்காரர் யாரும் தன் ஊரை அப்படிச் சொல்ல மாட்டார். அந்த ஊர்களுக்கு அவங்க சொல்லும் பெயர்கள் இவை:

```
Tyre     صور
Sidon    صيدا
Byblos   جبيل
Tripoli  طرابلس
```

மேலிருந்து கீழாக ஸூர், ஸைதா, ஜுபைல், தராபுலுஸ். 'டயர்', 'பிப்லோஸ்' எல்லாம் கிரேக்கம் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த வடிவங்கள். அதை மறுபடி அரபி எழுத்தில் ஒலிபெயர்ப்பது, 'ஜாஃப்னா'வைப் பார்த்துத் தமிழில் 'ஜாஃப்னா' என்றே எழுதுகிற மாதிரி. யாழ்ப்பாணத்து ஆச்சிக்கு அப்படி ஒரு வரைபடம் கொடுத்தால் என்ன சொல்வார்? டூட்டிகோரின், தூத்துக்குடி கதையும் இதுதான்.

சரியான பெயரை ஊகிக்க வேண்டாம், தேடி எடுக்கலாம். நாங்கள் முதலில் படத்தில் உள்ள பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டோம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது ஊரா, ஆறா, தெருவா, கட்டடமா என்று குறித்தோம். டயர் சக்கரமாகிற ஆபத்து இந்த ஒரு குறிப்பிலேயே போய்விடும். பிறகு ஆங்கில விக்கிப்பீடியாவில் அந்த ஊரின் பக்கத்தைத் திறந்து, மொழிப் பட்டியலில் அரபியைத் தொட்டால் தலைப்பில் அரபிப் பெயர் வரும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அதே ஊரைத் தொட்டு, `name:ar` என்ற வரியைப் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போனால் எழுதிக்கொள்ளலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேணும்: திரிப்போலி என்ற பெயரில் லிபியாவிலும் ஒரு நகரம் இருக்கிறது. அரபியிலும் இரண்டுமே தராபுலுஸ்தான். பெயர் சரியாக இருந்தும் ஊர் மாறிப்போகலாம். அதனால் பெயரோடு வரைபடத்தில் அதன் இடத்தையும் பார்த்தோம்.

போஸ்டரின் மறுபக்கத்துக்கு வந்ததும் இந்த விதி அப்படியே திரும்பிவிட்டது. விக்ரம் ஸ்ட்ரீட்டுக்கோ மேரியன் ஸ்ட்ரீட்டுக்கோ அரபியில் பழைய பெயர் எதுவும் கிடையாது. அந்தப் பெயர் இருப்பது தெருமுனைப் பலகையில், ஆங்கிலத்தில். இங்கே ஒலிபெயர்ப்புதான் சரி, ஏன்னா தெத்தா வாயால் சொல்வது கேட்பவர் காதில் அந்தப் பலகையின் பெயராக விழணும். ஸ்டேஷன் ஸ்ட்ரீட் ஈஸ்ட்டை ஆப் பொருள் பார்த்து 'கிழக்கு நிலையத் தெரு' என்கிற மாதிரி மொழிபெயர்த்தது. இலக்கணம் சரி. ஆனால் அதைச் சொல்லி வழி கேட்டால் இங்கே யாருக்கும் புரியாது. கடைசியில் தெருவுக்கான 'ஷாரி' என்ற அரபிச் சொல்லை மட்டும் முன்னால் போட்டு, 'ஸ்டேஷன்', 'ஈஸ்ட்' இரண்டையும் ஒலியாகவே விட்டோம். கீழே சின்னதாக, பலகையில் உள்ளபடி ஆங்கிலம். படிக்கத் தெரியாவிட்டாலும் எழுத்தின் வடிவத்தைப் பலகையோடு ஒப்பிடலாம், அல்லது விரலால் காட்டலாம்.

ஆனால் எல்லாத் தெரு வரைபடப் பெயர்களும் ஒலிபெயர்ப்பு இல்லை. ஆலிஸ் ஸ்ட்ரீட் தேவாலயத்தின் பெயர் ஆங்கிலத்தில் 'அவர் லேடி ஆஃப் லெபனான்'. படத்தில் அது இரண்டு வரியாக உடைந்திருந்ததால், ஆப் அதை இரண்டு தனிப் பெயர்களாக எடுத்துக்கொண்டது. முதல் வரி 'எங்கள் பெண்மணி' என்கிற மாதிரி ஆகிவிட்டது. வரிகளைச் சேர்த்து வைத்தாலும், ஒலிபெயர்த்தால் அபத்தம். அரபி பேசும் மாரோனைட் மக்களுக்கு அது 'ஸய்யிதத் லுப்னான்'. அவர்களுக்கு அந்தப் பெயர்தான் மூலம், ஆங்கிலம் அதன் மொழிபெயர்ப்பு. ஆக, அந்த தேவாலயத்துக்கு அரபிப் பெயர், அது நிற்கும் தெருவுக்கு ஆங்கில ஒலி. ஒரே புள்ளியில் இரண்டு விதியும்.

அடுத்த தொல்லை எழுத்துகள். அரபியில் 'ப' என்ற வல்லொலிக்குத் தனி எழுத்து இல்லை. ஆங்கில 'பி'யின் ஒலிதான் உண்டு. பரமட்டாவும், ஹரிஸ் பார்க்கில் வரும் 'பார்க்'கும் அந்த எழுத்தில்தான் தொடங்க வேணும். நமக்கு இது புரியும், தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ப' தானே. விக்ரம் ஸ்ட்ரீட்டில் நடுவே வரும் 'க' ஒலிக்கு எகிப்தியர் 'ஜீம்' என்ற எழுத்தையும், லெபனான்காரர் பெரும்பாலும் 'கய்ன்' என்ற எழுத்தையும் போடுவார்கள். எகிப்திய முறையில் எழுதியிருந்தால் தெத்தா அதை 'விஜ்ரம்' என்று படித்திருப்பார். படிப்பவர் எந்த நாட்டவரோ அந்த நாட்டு வழக்கில் எழுதணும். ஆலிஸ் இன்னும் வேடிக்கை. அரபியில் உயிர்க்குறிகளை வழக்கமாக எழுதுவதில்லை. குறியில்லாத 'ஆலிஸ்', 'அலைஸ', அதாவது 'இல்லையா?' என்ற சொல்லோடு எழுத்துக்கு எழுத்து ஒன்று. முன்னால் 'ஷாரி' இருந்தால்தான் அது தெருப் பெயர் என்று கண்ணுக்குப் படும்.

சரிபார்க்க ஒரே வழி வைத்தோம். ஆங்கில வரியை மறைத்துவிட்டு தெத்தா அரபியை மட்டும் சத்தமாகப் படித்தார். அரபி தெரியாத என் மகள் கேட்டு, அது எந்தத் தெரு என்று சொல்லணும். லெபனான் பக்கத்துக்குத் தேர்வு வேறு: தெத்தா படித்துவிட்டு, அந்த ஊர் எங்கே என்று வரைபடத்தைப் பார்க்காமல் சொல்லணும். தெருப் பெயரில் மகள் தடுமாறினால் எழுத்தை மாற்றினோம். ஊர்ப் பெயரில் தெத்தா தடுமாறினால் பெயரையே மாற்றினோம்.

உங்க வீட்டில் பிள்ளைகள் தாத்தா பாட்டிக்காகத் தமிழில் வரைபடம் எழுதும்போதும் இதே கேள்விதான். டிரிங்கோமலி என்று அச்சடித்திருந்தால் திருகோணமலை என்று எழுதச் சொல்லுங்க. பட்டிகலோவா என்றிருந்தால் மட்டக்களப்பு. ஸ்டேஷன் ஸ்ட்ரீட் ஈஸ்ட்டை மட்டும் 'நிலையத் தெரு கிழக்கு' ஆக்க வேண்டாம். அந்தப் பலகையைப் பார்த்துத்தான் பாட்டி வீடு திரும்பணும்.