நடுக்காலின் பாதிச் சுமை

ஆறு கால் ரோபாட்டைச் சொந்தமாகச் செய்பவர்கள் பெரும்பாலும் அதை முதலில் ஒரு டப்பாவின் மேல் தூக்கி வைத்துத்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். கால்கள் அந்தரத்தில் தொங்கும்போது நடை அருமையாக இருக்கும். மூன்று கால் எழும், மூன்று கால் தாழும், ஒரு பிசிறும் தெரியாது. அதே ரோபாட்டைத் தரையில் விட்டதும் கதை மாறுகிறது. இரண்டு எட்டு வைப்பதற்குள் உடம்பு ஒரு பக்கம் தொய்கிறது. பிறகு பதினெட்டு மோட்டார்களும் ஒன்றாக வெட்டி இழுக்கின்றன, ஒரு கணம் அடங்குகின்றன, மறுபடியும் வெட்டி இழுக்கின்றன. உடனே நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு பிழை தேடத் தொடங்குகிறார்கள். நிரலில் பிழை இல்லை. அந்தரத்தில் ஓடிய அதே நிரல்தான் தரையிலும் ஓடுகிறது. மாறியது கால்கள் சுமக்கும் எடை, அதைத் தூக்க மோட்டார்கள் இழுக்கும் கரண்ட்.

ஒரு காலுக்கு மூன்று சர்வோ என்பதற்குக் காரணம் உண்டு. சர்வோ என்பது மோட்டார், பற்சக்கரங்கள், கோணத்தை அளக்கும் உணரி, சிறு மின்சுற்று எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கியது. எந்தக் கோணத்தில் நில் என்று சொன்னால் அங்கே போய் நிற்கும், தள்ளினாலும் எதிர்த்து நிற்கும். காலின் முதல் சர்வோ இடுப்பில் இருந்து காலை முன்னும் பின்னும் வீசுகிறது. இரண்டாவது, தொடையை மேலும் கீழும் தூக்குகிறது. மூன்றாவது முழங்காலை மடக்குகிறது. எம்.ஐ.டி.யில் ரோட்னி புரூக்ஸ் குழு 1989இல் நடக்கவிட்ட ‘செங்கிஸ்’ ரோபாட்டுக்குக் காலுக்கு இரண்டே மோட்டார்தான், மொத்தம் 12. அது கரடுமுரடான தரையிலும் ஏறி இறங்கியது. ஆனால் இரண்டே மூட்டு இருந்தால், கால் இடுப்பைச் சுற்றி ஒரு வில்லாகத்தான் வீச முடியும். உடம்போ நேர்கோட்டில் போக வேண்டும். அந்த வித்தியாசத்துக்குப் பாதம் தரையில் பக்கவாட்டில் உரசியே ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. மூன்றாவது மூட்டு வந்தால் பாதத்தை எட்டும் தூரத்துக்குள் எந்தப் புள்ளியிலும் வைக்கலாம், உடம்பு நகரும்போது பாதத்தைத் தரையில் அப்படியே ஊன்றியும் வைக்கலாம். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மெகீ 1977இல் நடக்கவைத்த ஆறு கால் எந்திரத்திலேயே காலுக்கு மூன்று மோட்டார் இருந்தது. ஆனால் அதைக் கட்டுப்படுத்திய கணினி அறையில் இருந்தது, கேபிள்தான் இரண்டையும் இணைத்தது. இன்று மேசைமேல் நடக்கும் ரோபாட் பேட்டரியைத் தானே சுமக்க வேண்டும். பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இனி நடை. கரப்பான்பூச்சி வேகமாக ஓடும்போது இடது முன்கால், இடது பின்கால், வலது நடுக்கால் என மூன்றும் சேர்ந்து எழும். மற்ற மூன்றும் தரையில் இருக்கும். அடுத்த எட்டில் மாறும். முக்காலி எப்படி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்குமோ அப்படி, ஊன்றிய மூன்று பாதங்களும் ஒரு முக்கோணம் அமைக்கின்றன. உடம்பின் எடைமையம் அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை ரோபாட் கவிழாது. எந்தக் கணத்தில் நிறுத்தினாலும் நிற்கும். ஆறு கால் ரோபாட் செய்பவர்கள் இந்த நடையை விரும்புவதற்கு இதுவும், இதன் வேகமும்தான் காரணம்.

பலர் கவனிக்காமல் விடுவது, அந்த மூன்று கால்களும் எடையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதில்லை என்பதை. இடது பக்கம் இரண்டு பாதங்கள், வலது பக்கம் ஒன்றே ஒன்று. எல்லாப் பாதங்களும் நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால், உடம்பு பக்கவாட்டில் சாயாமல் இருக்க வலது பக்கம் பாதி எடையைத் தாங்கியே ஆக வேண்டும். அங்கே இருப்பது நடுக்கால் மட்டும். ஆகவே பாதி எடை அதன் தலையில். இடது முன்காலும் பின்காலும் மீதிப் பாதியைப் பிரித்துக்கொள்கின்றன. ஆறு காலில் சும்மா நிற்கும்போது ஆறில் ஒரு பங்கைச் சுமந்த நடுக்கால், நடக்கத் தொடங்கியதும் மூன்று மடங்கு சுமக்கிறது. தரையில் விட்டதும் உடம்பு ஒரு பக்கமாகத் தொய்வது இதனால்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடையில் எளிதாகக் கிடைக்கும் எம்.ஜி.996ஆர் சர்வோவை எடுத்துக்கொள்வோம். ஒன்று 55 கிராம், பதினெட்டு சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ. சட்டகம், பேட்டரி, மின்பலகைகள் எல்லாம் சேர்த்து ரோபாட்டின் எடை 2.4 கிலோ என்று கொள்வோம். தொடை மூட்டிலிருந்து பாதம் கிடைமட்டமாக 8 செ.மீ. வெளியே ஊன்றியிருக்கிறது. ஆறு காலில் நிற்கும்போது ஒரு காலுக்கு 400 கிராம், அதாவது தொடை சர்வோவின் மேல் 3.2 கிலோ-செ.மீ. முறுக்குவிசை. நடக்கும்போது நடுக்காலுக்கு 1.2 கிலோ, முறுக்குவிசை 9.6. இந்த சர்வோ 6 வோல்ட்டில் தாங்கும் உச்ச வரம்பு, அதாவது அசையவே முடியாமல் முக்கி நிற்கும் நிலை, 11 கிலோ-செ.மீ. என்கிறது அதன் விவரக்குறிப்பு. அந்த நிலையில் அது இழுப்பது 2.5 ஆம்பியர். மோட்டாரின் கரண்ட் ஏறத்தாழ முறுக்குவிசைக்கு ஏற்பவே ஏறும் என்பதால், இந்த ஒரு தொடை மட்டும் 2 ஆம்பியருக்கு மேல் குடிக்கிறது. சில நிமிடம் நடக்கவிட்டுத் தொட்டுப் பார்த்தால் தெரியும். நடுக்கால்களின் தொடை சர்வோக்கள் மட்டும் சுடும், மற்றவை வெதுவெதுப்பாக இருக்கும்.

பெரிய சர்வோ வாங்குவது ஒரு வழி. அதைவிட மலிவான வழி, பாதத்தை உள்ளே இழுப்பது. 8 செ.மீ.க்குப் பதில் 5 செ.மீ. ஆக்கினால் முறுக்குவிசை 6 ஆகக் குறைந்து, கரண்டும் 1.4 ஆம்பியருக்கு இறங்கிவிடும். முழங்காலுக்கு நேர் கீழே பாதம் வந்தால் மூன்றாவது சர்வோவுக்கு அநேகமாக வேலையே இல்லை. இன்னொரு தந்திரமும் உண்டு. உடம்பின் நடுப்பகுதியை அகலமாக்கி, நடுக்கால்களின் இடுப்பையே வெளியே தள்ளிவிடுவது. மற்ற பாதங்கள் நடுக்கோட்டிலிருந்து 14 செ.மீ.யிலும் நடுப்பாதங்கள் 18 செ.மீ.யிலும் இருந்தால், நடுக்காலின் பங்கு பாதியிலிருந்து 44 சதவீதத்துக்குக் குறையும். பல ஆறு கால் ரோபாட்டுகளின் உடம்பு நடுவில் புடைத்திருப்பது அழகுக்காக மட்டும் அல்ல.

இப்போது மொத்தக் கணக்கு. பாதம் 5 செ.மீ.யில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஊன்றிய மூன்று தொடைகள் 1.4, 0.7, 0.7 என 2.8 ஆம்பியர் எடுக்கும். உடம்பை முன்னே தள்ளும் இடுப்புகளும் முழங்கால்களும் சேர்ந்து இன்னும் மூன்று ஆம்பியர் வரை. காற்றில் வீசும் மூன்று கால்களின் ஒன்பது சர்வோக்கள் சுமையின்றி ஓடினாலும் ஆளுக்கு அரை ஆம்பியர். கூட்டினால் 10 ஆம்பியர், 6 வோல்ட்டில் 60 வாட். இது தோராயக் கணக்குதான். பற்சக்கர உராய்வு, தரை, வேகம் எல்லாம் இதை ஏற்றி இறக்கும்.

இது சராசரி. சிக்கல் உச்சத்தில் இருக்கிறது. நின்றிருக்கும் மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில் அதற்குள் எதிர் மின்னழுத்தம் எதுவும் இல்லை. ஆகவே சுமையே இல்லாவிட்டாலும், முக்கி நிற்கும்போது இழுக்கும் அதே 2.5 ஆம்பியரை ஒரு நொடியின் சிறு பகுதிக்கு இழுக்கும். முக்காலி நடையில் ஒன்பது சர்வோக்கள் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. அது மட்டுமே 22 ஆம்பியருக்கு மேல், ஊன்றிய கால்களின் கரண்ட் தனி. சுவிட்ச் போட்டதும் பதினெட்டும் ஒன்றாகத் துள்ளினால் 45. சாதாரண மல்டிமீட்டர் இந்தத் துள்ளலைக் காட்டாது, சராசரியைத்தான் காட்டும். அதை வைத்து ‘பத்து ஆம்பியர்தானே’ என்று பேட்டரி வாங்குபவர்கள் அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

துள்ளும் கணத்தில் மின்னழுத்தம் சரிகிறது. சர்வோக்களும் கட்டுப்பாட்டுச் சிப்பும் ஒரே மின்வழியில் இருந்தால் சிப் மயங்கி, முதலிலிருந்து தொடங்கும். தொடங்கியதும் நிரலின் முதல் வரி என்ன? எல்லாக் கால்களையும் நடு நிலைக்குக் கொண்டுவா. மறுபடி பதினெட்டும் துள்ளும், மறுபடி சிப் மயங்கும். தரையில் ரோபாட் வெட்டி வெட்டி இழுத்தது இந்தச் சுழல்தான். இ.எஸ்.பி.32 பலகை வைத்திருப்பவர்களுக்குக் கணினித் திரையில் `Brownout detector was triggered` என்ற வரியே வந்துவிடும். மற்ற பலகைகளில், நிரல் தொடங்கும்போது ஒரு விளக்கைச் சிமிட்டவிட்டால் போதும். நடு நடுவே அது சிமிட்டினால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். ஒரே ஒரு கால் மட்டும் நடுங்கினால் அது வேறு நோய், அந்தக் காலின் இணைப்பையோ சர்வோவையோ பார்க்க வேண்டும்.

மருந்து மூன்று இடத்தில் இருக்கிறது. முதலாவது, சிப்புக்கும் சர்வோக்களுக்கும் தனித்தனி மின்வழி, எதிர்முனை மட்டும் பொதுவாக. அந்தப் பொது இணைப்பை மறந்தால் சர்வோக்களுக்குக் கட்டளை புரியாது, கண்டபடி துடிக்கும். இரண்டாவது, கம்பி. பிரெட்போர்டில் செருகும் மெல்லிய கம்பி, போக வர 40 செ.மீ. இருந்தால் 20 ஆம்பியரில் ஒரு வோல்ட்டை அதுவே தின்றுவிடும். பதினெட்டு சர்வோக்களின் கரண்டையும் ஒரே சிறு பலகையின் செம்புத் தடம் வழியாக அனுப்புவதும் ஆபத்து. தடித்த கம்பியில், முன் ஜோடிக்கு ஒன்று, நடு ஜோடிக்கு ஒன்று, பின் ஜோடிக்கு ஒன்று எனப் பிரிப்பது நல்லது. இடம் வலம் என்று பிரித்தால் ஒரு எட்டில் ஒரு பக்கம் இரண்டு கால் ஊன்றும், அடுத்த எட்டில் ஒன்று. ஜோடியாகப் பிரித்தால் ஒவ்வொரு வழியிலும் எப்போதும் ஒரு கால் ஊன்றியிருக்கும், ஒரு கால் வீசிக்கொண்டிருக்கும். சுமை ஏறி இறங்காது.

மூன்றாவது மருந்து நிரலில், செலவே இல்லை. சர்வோவுக்குச் சேர வேண்டிய கோணத்தை ஒரேயடியாகச் சொல்லாமல், 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை சிறு சிறு துண்டாகச் சொன்னால் அது முழு வேகத்தில் பாயாது. மூன்று கால்களும் மிகச் சிறு இடைவெளி விட்டுக் கிளம்பினால் உச்சமும் சிதறிவிடும், நடையில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தொடங்கும்போதும் அப்படியே. கட்டளைத் துடிப்பு வரும்வரை இத்தகைய சர்வோ தளர்ந்தே கிடக்கும். ரோபாட் வயிற்றில் படுத்திருக்க, ஒன்றன்பின் ஒன்றாக 150 மில்லி விநாடி விட்டு எழுப்பினால் பதினெட்டும் மூன்று விநாடிக்குள் விழித்துவிடும்.

இவ்வளவும் செய்தும் பேட்டரி தள்ளாடினால், ஒரு நேரத்தில் ஒரே கால் மட்டும் தூக்கும் அலை நடைக்கு மாறலாம். ஐந்து கால் ஊன்றியிருப்பதால் நடுக்காலின் சுமை வெகுவாகக் குறையும். ஒன்பதுக்குப் பதில் மூன்று சர்வோக்கள்தான் ஒன்றாக வீசக் கிளம்பும். விலை, வேகம். ஒரு காலை வீச ஆகும் நேரம் அதேயென்றால், முக்காலி நடையில் கடக்கும் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் கடக்கும்.

பேட்டரி விஷயத்தில் நான்கு பென்சில் செல்களை நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செல் ஒன்றின் உள்தடை சுமார் 0.15 ஓம் என்று வைத்தாலும் நான்குக்கு 0.6 ஓம். பத்து ஆம்பியர் கேட்டால் 6 வோல்ட்டும் செல்களுக்குள்ளேயே கரைந்துவிடும், சர்வோவுக்கு ஒன்றும் மிஞ்சாது. 7.4 வோல்ட், 2200 மில்லி ஆம்பியர்-மணி லிப்போ பேட்டரி அந்தக் கரண்டைத் தாராளமாகத் தரும். ஆனால் முழுதாக ஏற்றினால் அதில் 8.4 வோல்ட் இருக்கும், சர்வோவின் வரம்போ 7.2. ஆகவே நடுவே 6 வோல்ட்டுக்கு இறக்கும் மாற்றி வேண்டும், அதுவும் உச்சக் கரண்டைத் தாங்கக்கூடியதாக. மாற்றியில் 15 சதவீதம் வீணாகிறது என்று வைத்து, பேட்டரி கெடாமல் இருக்க ஐந்தில் நான்கு பங்கை மட்டும் பயன்படுத்தினால், முக்காலி நடையில் இந்த ரோபாட் சுமார் பதினோரு நிமிடம் நடக்கும்.